சும்மா பாத்துச் சொல்லுங்க

சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்று எதையாவது நீட்டுகிறவன் சும்மா நீட்டுவது கிடையாது. ஐயாத்துரையும் சும்மா நீட்டவில்லை. ஆனால் என்னத்தைச் சொல்ல, அவன் வாயில் வந்தது அந்த வார்த்தைதான்.

திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவர்களுடைய மளிகைக் கடை. மத்தியானம், யாவாரம் ஓய்ந்த நேரம். அண்ணன் சண்முகவேல் கல்லாவில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் பொட்டலத்துக்குக் கிழித்துக்கொண்டிருந்தார். ஐயாத்துரை நூல் கோத்துக் கட்டிய ஒரு தாள்கட்டை அவர் முன்னால் வைத்தான்.

“சும்மா பாத்துச் சொல்லுங்கண்ணே.”

“என்னது?”

“நாடகம். பங்குனிப் பொங்கலுக்கு நம்ம பயக போடப் போறாங்க. நான் எழுதுனது.”

“நீயா எழுதுன? பூராவுமா?”

“பூராவும்தான்.”

அண்ணன் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பவர் போல லேசாகத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கடைக்கு எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் அப்படித்தான். மல்லி மூட்டை வந்தால் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டு இது முதல் தரம், இது ரெண்டாம் தரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். வத்தல் என்றால் உடைத்துப் பார்ப்பார். நாடகத்தை எதை வைத்துப் பார்ப்பது? அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. “பாக்குறேன்” என்று சொல்லிக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

எலெக்சன் முடிந்து ஊரெல்லாம் சுவரில் எழுதின எழுத்து அழியாமல் கிடந்த மாசம் அது. ஐயாத்துரைக்கு இருபத்தாறு வயசு. அண்ணனுக்கு ஏழு வயசு கூட. ஒரே கடைக்குள் ஆளுக்கொரு பக்கமாக நின்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சீனி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். அதைத் தாண்டி ஒரு பேச்சு கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஐயாத்துரை நினைத்துக்கொள்வான்.

கதை இதுதான். அப்பா திடீரென்று செத்துப்போனபோது அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.க்கு முந்தின அஞ்சாம் பாரம் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் முதல் பையன். அந்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். தம்பியாவது படித்து ஆளாகட்டும் என்று அவனை ஹைஸ்கூல் வரைக்கும் அனுப்பினார். தம்பி ஆளான லட்சணம், எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முப்பத்து மூன்று. இரண்டு மார்க்கில் போச்சு. வைகாசியில் ரிசல்ட்டு வந்த அன்றைக்கு அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பேப்பர் பார்த்துவிட்டு வந்த அண்ணன் திட்டவில்லை, அடிக்கவில்லை. “சாப்பிடு” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்பது வருஷமாக அந்தப் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அந்த ஒற்றைச் ‘சாப்பிடு’க்குள் எவ்வளவு கோபம் இருந்ததோ என்று ஐயாத்துரை ஒன்பது வருஷமும் குனிந்தே நடந்தான்.

நாடகத்தில் அதைத்தான் எழுதியிருந்தான். பேரை மாற்றியிருந்தான், மளிகைக் கடையை ஜவுளிக் கடை ஆக்கியிருந்தான். அந்த மறைப்பெல்லாம் சின்னப்பிள்ளைகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒளிகிற கணக்குத்தான், ஊரில் எவன் பார்த்தாலும் யார் வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். ‘அண்ணன் ஏற்றிய விளக்கு’ என்று பேர். கடைசிக் காட்சியில் தம்பி அண்ணன் காலில் விழுந்து, “உங்கள் வாழ்வைத் தின்றுவிட்டுத் தோற்றுப்போன பாவி நான்” என்பான். அண்ணன் அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வார். நேரில் கேட்க முடியாததைத் தாளில் கேட்டுவிட்டான். அண்ணன் படித்துவிட்டு, ‘விடுறா, எனக்கு உம்மேல ஒரு வருத்தமும் இல்ல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்காகத்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினான். அதைச் சொல்லிக் கேட்காமல் ‘சும்மா பாத்துச் சொல்லுங்க’ என்று கேட்டால் மனுசர் என்ன செய்வார் பாவம்.

நாடகத்தை முதலில் பார்த்தது அண்ணன் இல்லை, கருத்தப்பாண்டி. வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவன், நாடகம் போடுகிற பயல்களுக்குத் தலைவன். தம்பி வேஷம் அவனுக்குத்தான். ஐயாத்துரை அவனிடமும் இன்னொரு பிரதியை அப்படித்தான் சும்மா கொடுத்தான். பஞ்சர் ஒட்டுகிற கையோடு நாலு தாளைப் புரட்டிவிட்டுக் கருத்தப்பாண்டி, “ஏலே, பிரமாதம்லே! பொம்பளையாளுக பூரா மூக்கைச் சிந்திக்கிட்டுத்தான் போகணும்!” என்று முதுகில் ஒரு போடு போட்டான். முதுகு மட்டும்தான் குளிர்ந்தது. எந்த இடம் பிரமாதம் என்று கேட்டதற்கு, “எல்லா இடமும்தாம்லே” என்றான். அவன் பங்குக்கு அவன் உண்மையாகத்தான் சொன்னான், சரி. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குத் தலையில் பூ வைத்த மாதிரி இருந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும். உங்கண்ணன் சரின்னாரா? அவரு முறைச்சாருன்னா நாங்க எவனும் மேடை ஏற மாட்டோம் பாத்துக்க. அவரு கடையிலதான் எல்லாப் பயலும் அரிசி வாங்குறோம்.”

“குடுத்திருக்கேன். பாத்துச் சொல்றேன்னிருக்காக.”

“சீக்கிரம் கேளு. ஒத்திகை ஆரம்பிக்கணும்.”

எங்கே கேட்பது? அண்ணன் எப்போதும்போல நிறுத்தார், கட்டினார், காசு வாங்கிப் போட்டார். ஐயாத்துரைதான் ஒவ்வொரு வேளையும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தராசுத் தட்டில் கல்லை மாற்றி வைத்தான். “தம்பி, கிறுக்கு எதும் பிடிச்சிருச்சா? உளுந்து கேட்டா துவரையப் போட்டுக் குடுத்திருக்க” என்று ஒரு அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். மதினி சுந்தராம்பாளிடம் கேட்டுப் பார்த்தான்.

“மதினி, அண்ணன் அந்தத் தாளைப் படிச்சாகளா?”

“யாரு கண்டா? ராத்திரி விளக்கை ஏத்தி வச்சு என்னத்தையோ பாத்துட்டுத்தான் இருந்தாக. நான் கேட்டா, நீ தூங்கும்பாக. வேற என்னத்தப் பேசுவாக உங்கண்ணன்?”

படித்திருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் கொள்முதலுக்கு அருப்புக்கோட்டைக்குப் போனார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வருகையில் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். லோடு பின்னால் வண்டியில் வருகிறது, அதைக்கூடக் கவனிக்காமல் நேராகக் கடைக்குள் வந்து தாள்கட்டை ஐயாத்துரை கையில் கொடுத்தார்.

“பாஸுலே!”

ஐயாத்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. பிரித்துப் பார்த்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஒற்று விட்ட இடத்திலெல்லாம் வட்டம், ஓரத்தில் ‘மரபன்று’, ‘மிகை’, ‘தெளிவில்லை’. கடைசிக் காட்சியில் தம்பி காலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி. எல்லாம் முடிந்த இடத்தில், எங்கே அண்ணன் தம்பியைத் தூக்கி அணைத்துக்கொள்கிறாரோ அதற்கு நேர் கீழே, 33 என்று போட்டு அதை அடித்து 35 என்று போட்டிருந்தது. நூற்றுக்கு.

“நம்ம ஹைஸ்கூல் தமிழையா பொன்னுச்சாமி இருக்காகள்ல, அவுககிட்டக் குடுத்தேன். எனக்கென்னலே தெரியும் நாடகத்தப் பத்தி? அததுக்குத் தெரிஞ்ச ஆளுதான் தரம் பாக்கணும். படிச்சுப் பாத்து மார்க்குப் போட்டுட்டாக. பாஸ் பண்ணிட்டலே!”

அந்த மனுசர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து ஐயாத்துரை பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டிய சிரிப்புத்தான், ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது நெருப்பாகச் சுட்டது. உயிரைக் கொடுத்து எழுதியதைக் கொண்டுபோய் ஒரு வாத்தியார் மேசையில் வைத்து, முப்பத்து மூன்று வாங்கி, அதற்கு மேல் கெஞ்சி இரண்டு மார்க்கு பிச்சை வாங்கி வந்திருக்கிறார். கெஞ்சித்தான் வாங்கினார் என்பதற்கு அந்த அடித்த 33 ஒன்றே சாட்சி.

“நான் மார்க்கா கேட்டேன் உங்ககிட்ட?” என்றான். குரல் எகிறிவிட்டது. கடைக்கு வந்திருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அவிந்தது. “பின்ன என்னலே கேட்ட?”

ஐயாத்துரை தாள்கட்டைச் சுருட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போனான். தமிழையா வீட்டு வாசலில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஐயாத்துரைக்கும் பாடம் எடுத்தவர்தான். படிக்கிற காலத்திலிருந்தே அவரைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவன் அன்றைக்கு நேரே போய்த் தாள்கட்டை நீட்டினான்.

“எதை வச்சுய்யா மார்க்குப் போட்டீங்க?”

அவர் வாய் கொப்பளித்துவிட்டு நிதானமாகத் துண்டால் துடைத்தார். “கேக்க வேண்டிய கேள்விதான். இதையே உங்கண்ணன்ட்ட நான் கேட்டேன். என்னத்தய்யா பாக்கணும், மேடைக்குத் தோதா இருக்கான்னு பாக்கவா, பிழை திருத்தவா, இல்ல நல்லாருக்குன்னு ரெண்டு வார்த்தை எழுதித் தரவான்னு கேட்டேன். அவரு, அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா, பாஸா பெயிலான்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. பெயிலு பாஸுன்னா மார்க்கு வேணும். மார்க்குன்னா எனக்குத் தெரிஞ்சது கட்டுரைக்குப் போடுற மார்க்குத்தான். கருத்துக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, பிழையில்லாம இருந்தா இவ்வளவு, கையெழுத்துக்கு இவ்வளவு. அந்தக் கணக்குல போட்டேன். பேச்சுத் தமிழ்ல பேசுற நாடகத்துக்கு அந்தக் கணக்கு சரியான்னு கேட்டா, சரியில்லதான். வேற கணக்கு எவனும் என்கிட்டச் சொல்லலியே?”

சண்டை போட வந்தவனுக்குச் சண்டைக்கு இடமில்லாமல் போனது. “அந்த ரெண்டு மார்க்கு?” என்றான், தலையைக் குனிந்துகொண்டு. “எங்கண்ணன் கெஞ்சுனாகளா?”

“முப்பத்து மூணுன்னு போட்டதும் உங்கண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. இதே மார்க்குலதாங்கய்யா முன்னாடியும் போனான்னாரு. கேட்டதுக்காகக் கூட்டிப் போட நான் என்ன தேங்கா யாவாரமா பண்றேன்? போட மாட்டேன்னுட்டேன். மனுசன் எந்திரிக்கவே இல்ல. சரின்னு மறுபடியும் ஒரு தடவை படிச்சேன், எங்கயாவது நெசமாவே மார்க்கு விட்டுட்டேனான்னு. ஒரு இடம் கெடைச்சது.” அவர் தாளைப் புரட்டி விரலை வைத்தார். “இந்தா. அண்ணன் பேப்பர் பாத்துட்டு வந்து சாப்பிடுங்கிறான். வேற ஒண்ணும் பேசல. இந்தத் தாள்கட்டு முழுக்க எல்லாரும் மேடை மைக்கு முன்னாடி நின்னு பேசுறாங்க. இந்த இடத்துல மட்டும்தான் ஒருத்தன் வீட்டுக்குள்ள பேசுறான். கருத்துக்கு ரெண்டு கூட்டுனேன். பிச்சை இல்ல அது.”

ஐயாத்துரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தமிழையா திண்ணையில் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொல்வதுபோல் இன்னொன்று சொன்னார்.

“நடுவுல ஒரு தாளு எண்ணெய் பட்டு எழுத்து தெரியல. நான் முழிச்சேன். உங்கண்ணன் கண்ணை வேற பக்கம் வச்சுக்கிட்டே அந்தப் பக்கத்தை அப்படியே ஒப்பிச்சாரு. வரி பிசகல. எத்தனை தடவை படிச்சிருந்தா அப்படி வரும்?”

ஐயாத்துரை அந்த எண்ணெய் பட்ட தாளைத் தேடிப் புரட்டினான்.

“ஆமா, நீ என்னதான்ப்பா கேட்ட அவர்ட்ட? பாராட்டணும்னா, திருத்தணும்னா, எதுக்குக் குடுத்த?”

“அது ஒண்ணுமே இல்லைய்யா.” தாள்கட்டை மடித்தான். “என் மேல வருத்தம் இருக்கா இல்லையான்னு கேட்டேன்.”

“இதுல எங்க கேட்டிருக்க?”

“கேக்கல.”

“அதானே,” என்றார் தமிழையா. “போ, காலம்பற எனக்கு வேலை இருக்கு.”

பஸ்ஸில் திரும்பி வருகையில் மனசு ஒரு நிலையில் இல்லை. வழியெல்லாம் பருத்தி எடுத்து முடித்த கரிசல்காடு வெடித்துக் கிடந்தது. இத்தனை தடவை படித்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் ஊரானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்? சொல்ல மனசில்லையா? வருத்தம் அவ்வளவு இருக்கிறதா? இருந்தால் இருக்கட்டும், இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் இறங்கினான்.

கடையில் அண்ணன் தனியாக இருந்தார். ஐயாத்துரை கல்லாவுக்கு முன்னால், சாமான் வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றான்.

“அண்ணே, எனக்கு மார்க்கு வேண்டாம். பிழை திருத்தவும் வேண்டாம். நல்லாருக்குன்னும் சொல்ல வேண்டாம். நான் பெயிலாப் போனதுக்கு உங்களுக்கு எம்மேல வருத்தம் இருக்கா? அதைக் கேக்கத்தான் இந்தக் கழுதையையே எழுதுனேன்.”

அண்ணன் கையிலிருந்த பேப்பரைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. நாலைந்து துண்டு கிழித்து அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“உன் நாடகத்துல நான் சிரிச்சுக்கிட்டே பொஸ்தகத்த உன் கையில குடுத்துட்டு, நீ படிடா தம்பி, நான் கடையப் பாத்துக்கிறேங்கிறேன். அப்படியா நடந்துச்சு?”

“அப்படித்தான எனக்கு...”

“நான் பள்ளிக்கூடத்த விட்ட அன்னைக்கு ராத்திரி உன்னைய ஒரு அறை அறைஞ்சேனே. அதை ஏன் எழுதல?”

அதை ஐயாத்துரை மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டிருந்தான். “ஊருக்கு முன்னால உங்களுக்கு எதுக்குண்ணே கெட்ட பேருன்னு... நான் மண்ணெண்ணெயக் கொட்டிட்டேன்னுதான அடிச்சீங்க.”

“மண்ணெண்ணெயக் கொட்டுனது நான். நீ விளக்குகிட்ட உக்காந்து சத்தமா வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்த. அது காதுல விழ விழ எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அதுக்குத்தான் அடிச்சேன்.” அண்ணன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, விலை சொல்கிற மாதிரியே சொன்னார். “எனக்குப் படிக்கணும்னு இருந்துச்சுலே. நீ என்னைய அதுல கோயில் செலை மாதிரி பண்ணி வச்சிருக்க. படிக்கப் படிக்க எனக்குக் கூசிப்போச்சு. இதுக்கு நான் என்ன சொல்றது? நல்லாருக்குன்னா பொய். நல்லால்லைன்னா, இந்தப் பய இவ்வளவு பாசமா எழுதிருக்கானே. அதான் தமிழையாட்ட ஓடுனேன். பாஸோ பெயிலோ அவுக வாயால வரட்டும்னு.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியேண்ணே.”

“சொல்றேன். பொறு.” அண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். “ரிசல்ட்டு பாக்கப் போனேன்ல. அருப்புக்கோட்டை பஸ்டாண்டுல நின்னு பேப்பரப் பிரிச்சேன். உன் நம்பரு இல்ல. மறுபடியும் பாத்தேன், இல்ல. அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு.”

அண்ணன் பார்வையை அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“நான் முடிக்காததை இவனும் முடிக்கல, அப்பாடான்னு. வர்ற வழியெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா நீ சுவத்தப் பாத்து உக்காந்திருக்க. உன்னையத் திட்ட எந்த வாயோட திட்டுவேன்? ஆறுதல் சொல்லவும் வாய் வரல. அதான் சாப்பிடுன்னேன்.”

கோபம் வந்தது ஐயாத்துரைக்கு. “ஒம்பது வருசம் நான் குனிஞ்சு நடந்தேனேண்ணே! உங்க மூஞ்சியப் பாக்க முடியாம!”

“நானும் உன் மூஞ்சியப் பாக்கலியேலே.”

ஐயாத்துரை பருப்பு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. ஆனால் ஒன்பது வருஷமாகத் தலையில் இருந்த மூட்டையை யாரோ வந்து, இது உன்னுடையது இல்லையப்பா என்று இறக்கி எடுத்துக்கொண்டதுபோலவும் இருந்தது. வெளியே வீரசோழனுக்குப் போகிற பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“இதை எழுதவாண்ணே?” என்றான் கடைசியில்.

“எழுது.”

“மேடையில பேசுவாங்களே. ஊருக்கே தெரியும் யாரு கதைன்னு.”

“தெரியட்டும். செலைக்குக் கும்பிடு போட்டுட்டு அவனவன் வீட்டுக்குப் போயிருவான். எனக்கு என்னத்துக்கு அந்தக் கும்பிடு?” அண்ணன் பேப்பர்த் துண்டுகளைத் தட்டிச் சீராக்கினார். “எழுதிட்டு என்கிட்டயே கொண்டா. தமிழையாட்டப் போக மாட்டேன். ஆனா இந்தத் தடவை எதைப் பாக்கணும்னு சொல்லிக் குடு. சும்மான்னு குடுத்தா வாங்க மாட்டேன்.”

ஐயாத்துரை யோசித்தான். “பொய் இருக்கான்னு மட்டும் பாருங்க. எங்க பொய்யின்னு படுதோ அங்க ஒரு கோடு போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அது என்னால முடியும்,” என்றார் அண்ணன்.

அடுத்த வாரம் முழுக்கக் கருத்தப்பாண்டி வந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். “ஏலே, பிரமாதமா இருந்ததைப் போட்டு என்னத்தலே நோண்டுற?” ஐயாத்துரை காதில் வாங்கவில்லை. காலில் விழுகிற காட்சியை எடுத்தான். மார்போடு அணைக்கிறதையும் எடுத்தான். அறையை எழுதினான், வாய்ப்பாட்டை எழுதினான். வீர வசனமெல்லாம் உதிர்ந்து போக நாடகம் பாதியாகக் குறைந்துவிட்டது. ரிசல்ட்டு காட்சிக்கு வந்தான். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அண்ணன் வாயில் இப்படி ஒரு வசனத்தை வைத்தான்: ‘உன் நம்பரு இல்லைன்னதும் ஒரு நிமிசம் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு தம்பி.’

கொண்டுபோய்க் கொடுத்தான். அண்ணன் யாவாரத்துக்கு நடுவே, கடை வாசலில் வெளிச்சம் விழுகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து படித்தார். பென்சிலைக் காதில் செருகியிருந்தார். ஐயாத்துரை தனியாக நின்று அத்தனை பேருக்கும் நிறுத்துக் கொடுத்தான். பக்கம் பக்கமாகப் புரண்டது, பென்சில் காதை விட்டு இறங்கவில்லை. முடிகிற நேரத்தில்தான் எடுத்தார். ஒரே ஒரு கோடு போட்டு, தாளைத் தம்பி பக்கம் நீட்டினார்.

கோடு ‘ஒரு நிமிசம்’ என்பதற்குக் கீழே இருந்தது.

“பின்ன எவ்வளவு நேரம்ணே?” என்று கேட்டான் ஐயாத்துரை.

அண்ணன் எழுந்து தராசு பக்கம் போனார். காத்திருந்த பெண்ணுக்கு வத்தலை அள்ளிப் போட்டு, முள் நேராக நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆடி கழியுற வரைக்கும் இருந்துச்சுலே. அப்படியே போடு.”